210 குழந்தைகள்: ஒரு மாதிரி அளவின் கணக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம்)



நம் பல்கலைக்கழகங்களில் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகளில் 384 என்ற எண்ணை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வங்கி வாடிக்கையாளர், கல்லூரி மாணவர், தேயிலைத் தோட்டத் தொழிலாளி என ஆய்வு யாரைப் பற்றியதாக இருந்தாலும் மாதிரி அளவு 384. ஏன் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையைக் காட்டுவார்கள். அட்டவணை சரியானதுதான். ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்று அடுத்துக் கேட்டால் பெரும்பாலும் மௌனமே பதில்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. மாதிரி அளவு என்பது ஒரு விடை. எந்த மக்கள் கூட்டம், எந்த விகிதம், எவ்வளவு துல்லியம், எந்த முறையில் எடுத்த மாதிரி என்ற கேள்விகளைச் சொல்லாமல் அந்த விடையை மட்டும் வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் கணக்கு பொய்த்துவிடும். இதைப் பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. பொதுச் சுகாதாரத் துறையில் மிகவும் புழங்கிய ஓர் எண்ணை, 210-ஐ, எடுத்துக்கொண்டு அதன் பிறப்பையும் அது தவறும் இடங்களையும் பார்க்கலாம்.

உலகச் சுகாதார நிறுவனம் தன் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்துக்காக ஓர் எளிய கள ஆய்வு முறையைப் பரப்பியது. மாவட்டத்தில் 30 ஊர்களைத் தேர்ந்தெடு. ஒவ்வோர் ஊரிலும் 12 முதல் 23 மாத வயதுள்ள 7 குழந்தைகளைப் பார். மொத்தம் 210 குழந்தைகள். ‘முப்பதுக்கு ஏழு’ என்றே பேர். அந்த முறையின் அனுபவங்களைத் தொகுத்து ஹெண்டர்சன், சுந்தரேசன் இருவரும் 1982-இல் அந்த நிறுவனத்தின் இதழில் கட்டுரை எழுதினார்கள். இவர் ரால்ஃப் ஹெண்டர்சன்; பெரியம்மை ஒழிப்போடு நாம் சேர்த்துச் சொல்லும் டி.ஏ. ஹெண்டர்சன் வேறொருவர்.

1. 96 எங்கிருந்து வந்தது?

தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்ட குழந்தைகளின் விகிதம் p என்போம். மாவட்டத்துக் குழந்தைகளிலிருந்து n பேரை எளிய சமவாய்ப்பு முறையில், அதாவது பெயர்ப் பட்டியலிலிருந்து குலுக்கிப் போட்டு எடுத்தது போல எடுத்தால், மாதிரியில் கிடைக்கும் விகிதம் உண்மை விகிதத்திலிருந்து விலகும் அளவைத் திட்டப் பிழை சொல்கிறது:

SE = √( p(1 − p) / n )

இதை 1.96-ஆல் பெருக்கினால் 95 சதவீத நம்பக மட்டத்தில் பிழை வரம்பு e கிடைக்கும்:

e = 1.96 × √( p(1 − p) / n )

இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால், 100 மாதிரிகளில் ஏறக்குறைய 95 மாதிரிகளின் விடை உண்மையிலிருந்து e தூரத்துக்குள் இருக்கும் என்று பொருள். மீதி ஐந்து வெளியே விழும். நம் கையில் இருப்பது அந்த ஐந்தில் ஒன்றா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

சூத்திரத்தைத் திருப்பி எழுதினால் மாதிரி அளவு:

n = 1.96² × p(1 − p) / e²

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. p-ஐக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வே. அதை முன்கூட்டியே கேட்கிறது சூத்திரம். p(1 − p) என்ற பெருக்கல் p = 0.5 ஆகும்போது 0.25 என்ற உச்சத்தைத் தொடுகிறது; 0.8-இல் 0.16, 0.9-இல் 0.09. ஆகவே 0.5 என்று வைத்துக்கொண்டால் எந்த நிலைமைக்கும் மாதிரி போதாமல் போகாது. தடுப்பூசித் திட்டக்காரர்கள் அப்படித்தான் வைத்தார்கள். துல்லியம் ±10 சதவீதப் புள்ளி இருந்தால் போதும் என்றார்கள்:

n = 3.8416 × 0.25 / 0.01 = 96.04

அந்த ±10 என்பது அறிவியல் விதியன்று, நிர்வாகத் தேவை. தடுப்பூசித் திட்டம் இப்போதுதான் வேரூன்றுகிற ஒரு மாவட்டத்தில் 30 சதவீதமா 60 சதவீதமா என்று தெரிந்தால் போதுமானதாக இருந்த காலம் அது. ஐந்து புள்ளித் துல்லியம் கேட்டிருந்தால் 384.16 வந்திருக்கும், ஆய்வேடுகளின் 384 இதுதான். மூன்று புள்ளிக்கு 1,068, ஒரு புள்ளிக்கு 9,604. பிழையைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும். n வர்க்கமூலத்துக்குள் உட்கார்ந்திருப்பதன் விலை அது.

2. மாவட்டம் பெரிதானால்?

சூத்திரத்தில் மக்கள்தொகை N எங்கும் இல்லை. கூட்டங்களில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். சிறிய மாவட்டத்துக்கும் பெரிய மாவட்டத்துக்கும் ஒரே மாதிரி அளவா என்று அதிகாரிகள் கோபப்படுவதுகூட உண்டு. கறாராகச் சொன்னால் N-க்கும் இடமுண்டு. திட்டப் பிழையை இந்தக் காரணியால் பெருக்க வேண்டும்:

√( (N − n) / (N − 1) )

மாவட்டத்தில் அந்த வயதில் 25,000 குழந்தைகள் இருந்தால், n = 210-க்கு இதன் மதிப்பு 0.996. பத்துப் புள்ளிப் பிழை 9.96 ஆகும். 25 லட்சம் குழந்தைகள் என்றால் காரணி 0.99996, எந்த மாற்றமும் இல்லை. ஆனால் ஒரு சிறு நகராட்சியில் மொத்தமே 300 குழந்தைகள் இருந்து அவர்களில் 210 பேரைப் பார்த்துவிட்டால் காரணி 0.55, பிழை ஏறக்குறையப் பாதியாகிவிடும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாதிரியாக எடுக்கும்போது மட்டும் இதை நினைவில் கொண்டால் போதும்.

3. 96 எப்படி 210 ஆயிற்று?

இதுதான் இன்றைய பேச்சின் மையம். சற்று நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மாவட்டத்துக் குழந்தைகள் எல்லாருடைய பட்டியலும் கையில் இல்லை. இருந்தாலும், குலுக்கலில் வந்த 96 குழந்தைகளைத் தேடி 90 ஊர்களுக்கு ஜீப் விட முடியாது. ஆகவே முதலில் ஊர்களை எடுக்கிறார்கள். எல்லாக் கிராமங்களையும் நகர வார்டுகளையும் வரிசையாக எழுதி, மக்கள்தொகையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மொத்தம் 18 லட்சம் என்றால் 30-ஆல் வகுக்க 60,000. ஒன்றிலிருந்து 60,000 வரை சமவாய்ப்பாக ஓர் எண் எடுக்கிறோம்; 23,417 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகையில் அந்த எண் விழும் ஊர் முதல் கொத்து, 83,417 விழும் ஊர் இரண்டாவது. இப்படி 60,000 கூட்டிக்கொண்டே போனால் 30 கொத்துகள். பெரிய ஊருக்கு அதிக வாய்ப்பு. ஆனால் எந்த ஊரிலும் ஏழு குழந்தைகள்தான். இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறக்குறைய ஒரே வாய்ப்பைத் தருகின்றன. அழகான ஏற்பாடு.

இதற்கு ஒரு விலை உண்டு. ஓர் ஊர்க் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஒரே கிராமச் சுகாதாரச் செவிலியர், ஒரே அங்கன்வாடி, ஒரே வதந்தி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அது ஏன் பலிக்கிறது? பானைக்குள் எல்லாச் சோறும் ஒன்றாக வெந்திருப்பதால். அப்படியானால் இரண்டாவது சோற்றை நசுக்கிப் பார்ப்பதில் புதிய செய்தி ஒன்றுமில்லை. ஊர் முழுக்க ஒரே நிலை என்றால் ஏழு குழந்தைகள் ஒரு குழந்தைக்குச் சமம். இந்த ஒப்புமையின் அளவை ρ என்று குறிக்கிறோம். பானையில் அது 1, யாரோ எவரோ என்று கலந்து கிடக்கும் இடத்தில் 0. ஒரு கொத்துக்கு m பேர் என்றால் மாறுபாட்டளவை இத்தனை மடங்காகப் பெருகும்:

deff = 1 + (m − 1) ρ

வடிவமைப்பு விளைவு என்ற பெயரில் இதை லெஸ்லி கிஷ் தம் 1965-ஆம் ஆண்டு நூலில் நிலைநிறுத்தினார். தடுப்பூசித் திட்டக்காரர்கள் இதை 2 என்று வைத்துக்கொண்டார்கள். 96-ஐ இரட்டிக்க 192; முப்பது கொத்துக்கு வகுத்தால் 6.4, குழந்தையைப் பின்னமாக்க முடியாது, ஆகவே 7. முப்பதை ஏழால் பெருக்க 210. எண்ணின் பிறப்பு இவ்வளவுதான்.

அந்த 2 எல்லா மாவட்டத்துக்கும் பொருந்துமா? ஆய்வு முடிந்ததும் தரவிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆனால் பல அறிக்கைகளில் அந்தச் சோதனை நடப்பதில்லை. விளக்கத்துக்காக ஒரு மாவட்டத்தை நானே கற்பனை செய்கிறேன். 210 குழந்தைகளில் 168 பேருக்கு முழுமையாகத் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது. விகிதம் 80 சதவீதம். எளிய சூத்திரம் தரும் திட்டப் பிழை √(0.16 / 210) = 0.0276, பிழை வரம்பு ±5.4 புள்ளி. அறிக்கையின் முதல் பக்கத்தில் இந்த 5.4 அச்சாகிவிடும்.

இப்போது 30 கொத்துகளையும் பிரித்துப் பாருங்கள். 14 ஊர்களில் ஏழுக்கு ஏழு. 6 ஊர்களில் ஆறு. 4 ஊர்களில் ஐந்து. 2 ஊர்களில் நான்கு. 2 ஊர்களில் மூன்று. மீதி 2 ஊர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. கூட்டினால் 168 சரியாக வரும். ஓர் ஊரின் சராசரி 5.6. ஒவ்வோர் ஊரும் இந்தச் சராசரியிலிருந்து விலகும் தூரத்தை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும்:

14(1.4)² + 6(0.4)² + 4(0.6)² + 2(1.6)² + 2(2.6)² + 2(5.6)² = 111.2

k கொத்துகளும் ஒவ்வொன்றிலும் m குழந்தைகளும் இருக்கும்போது திட்டப் பிழை:

SE = (1/m) × √( Σ(aᵢ − ā)² / (k(k − 1)) )
   = (1/7) × √( 111.2 / 870 ) = 0.0511

1.96-ஆல் பெருக்கினால் ±10.0 புள்ளி. முப்பதே கொத்துகள் என்பதால் கறாரானவர்கள் 2.045-ஆல் பெருக்கி ±10.4 என்பார்கள். அச்சான 5.4 உண்மையான பிழையில் பாதிதான். இரண்டு திட்டப் பிழைகளின் வர்க்கங்களை வகுத்தால் வடிவமைப்பு விளைவு 3.4; அதிலிருந்து ρ = 2.42 / 6 = 0.40. 210-ஐ 3.42-ஆல் வகுத்தால் 61. அதாவது 210 வீட்டுக் கதவைத் தட்டி, 61 குழந்தைகள் தரக்கூடிய செய்தியைத்தான் பெற்றிருக்கிறோம்.

111.2 என்ற கூட்டுத்தொகையில் 62.72, அதாவது பாதிக்கு மேல், பூஜ்யம் வந்த அந்த இரண்டு ஊர்களிலிருந்தே வருகிறது. அவற்றை நீக்கிவிட்டு மீதி 28 ஊர்களுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: விகிதம் 85.7 சதவீதம், பிழை ±6.8, வடிவமைப்பு விளைவு 1.9. அந்த ஊர்கள் இல்லாத மாவட்டத்தில் ‘2’ என்ற ஊகம் சரியாகவே இருந்திருக்கும். பரவலாக எல்லா ஊரிலும் ஓரிரு குழந்தைகள் விடுபடுவது ஒரு வகை. சில ஊர்கள் முற்றிலும் விடுபடுவது இன்னொரு வகை. சராசரி இரண்டையும் ஒரே 80 என்று சொல்லலாம். வடிவமைப்பு விளைவுதான் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே அதை வெறும் தொல்லையாகப் பார்க்காதீர்கள். அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

இங்கே ஒரு நடைமுறைக் கேள்வி எழும். பிழையைக் குறைக்கப் பணம் கிடைத்தால் எங்கே செலவிடுவது? ஊருக்குப் போனதுதான் போனோம், ஏழுக்குப் பதில் 14 குழந்தைகளைப் பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றும். ρ = 0.40 என்ற நிலையில் வடிவமைப்பு விளைவு 6.25 ஆகிவிடும், 420 குழந்தைகள் 67 பேருக்குச் சமம். முன்பு 61, இப்போது 67. வேலை இரட்டிப்பு, பிழை 10.0-இலிருந்து 9.6. மாறாக, 60 ஊர்களில் ஏழேழு குழந்தைகள் என்றால் அதே 420 பேர் 123 பேருக்குச் சமமாகி, பிழை 7.1-க்கு இறங்கும். ஜீப்புக்கு டீசல் போடுங்கள் என்று நான் சுகாதாரத் துறை நண்பர்களிடம் சொல்வது இதனால்தான்.

4. 210-இடம் கேட்கக் கூடாதவை

மாவட்டத்துக்கு ஒரே ஒரு விகிதம், பத்துப் புள்ளித் துல்லியம்: 210 கேட்டுக்கொண்ட வேலை இவ்வளவே. ஆனால் அறிக்கை அச்சானதும் ஒன்றியவாரி அட்டவணை கேட்பார்கள். மாவட்டத்தில் பத்து ஒன்றியங்கள் என்றால் ஒன்றியத்துக்குச் சராசரியாக மூன்று கொத்து, 21 குழந்தைகள். நம் வடிவமைப்பு விளைவோடு பார்த்தால் ஆறு குழந்தைகளுக்குச் சமம். பிழை வரம்பு 32 புள்ளி அளவுக்குப் போகும். அந்த அளவில் சூத்திரமே நிலைகொள்ளாது. அந்த அட்டவணையில் கடைசி இடம் பிடித்த ஒன்றியத்தின் வட்டார மருத்துவ அலுவலருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போவது கணித ரீதியாக அநியாயம்.

இந்த விஷயத்தில் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு நல்ல வழக்கம் ஒன்றைக் கடைப்பிடிக்கிறது. மாவட்டத் தகவல் தாள்களில் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்ட சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள். 25-க்கும் குறைவு என்றால் எண்ணே இல்லை, நட்சத்திரக் குறிதான். தடுப்பூசி வரிகளில் அந்த அடைப்புக்குறியைப் பார்க்கலாம். 36 குழந்தைகள், 80 சதவீதம் என்றால் பிழை ±13 புள்ளி. செய்தித்தாளில் மறுபதிப்பாகும்போது முதலில் உதிர்வது அந்த அடைப்புக்குறிதான். ஆனால் அந்தக் கணக்கெடுப்புக்கு வேறொரு சாதகம் உண்டு. அவர்கள் ஒரு கொத்தில் 22 வீடுகளைப் பார்க்கிறார்கள். அத்தனை வீடுகளில் 12 முதல் 23 மாதக் குழந்தை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். m அவ்வளவு சிறிதாக இருப்பதால் ஒப்புமையால் வரும் பெருக்கமும் சிறிது. பொதுக் கேள்விகளுக்கு ஒரு வடிவமைப்பு விளைவு, தடுப்பூசிக்கு இன்னொன்று. ஒரே ஆய்வுக்குள்ளேயே அது கேள்விக்குக் கேள்வி மாறும்.

அடுத்த ஆசை ஒப்பீடு. போன ஆண்டு 74, இந்த ஆண்டு 80. ஆறு புள்ளி முன்னேற்றம் என்று விழா எடுப்பார்கள். இரண்டு ஆய்வும் தனித்தனியானவை, ஒவ்வொன்றின் பிழையும் ±10 என்றால் வித்தியாசத்தின் பிழை:

√(10² + 10²) = 14.1

ஆறு கூட்டல் கழித்தல் பதினான்கு. உண்மையில் இருபது புள்ளி உயர்ந்திருக்கலாம், எட்டுப் புள்ளி சரிந்தும் இருக்கலாம். வித்தியாசத்தின் பிழையை ஆறு புள்ளிக்குக் கொண்டுவர ஒவ்வோர் ஆய்வின் பிழையும் 6/√2 = 4.24 ஆக வேண்டும். விகிதம் 80 பக்கம் என்று கொண்டால் 3.8416 × 0.16 / 0.0018 = 341 பேர்; வடிவமைப்பு விளைவோடு பெருக்க ஏறக்குறைய 1,170 குழந்தைகள்; ஏழேழாக 167 கொத்துகள். அதுவும் இரண்டு ஆண்டுகளிலும். அப்போதும்கூட, உண்மையான முன்னேற்றம் சரியாக ஆறு புள்ளி என்றால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். மாதிரியில் தெரியும் வித்தியாசம் ஆறுக்கு மேலும் கீழும் சம வாய்ப்போடு விழும் என்பதால்.

5. நூற்றுக்கு நூறு வந்தால்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 210-க்கு 210 என்று வந்தால் p(1 − p) பூஜ்யம்; சூத்திரப்படி பிழையும் பூஜ்யம். இது சூத்திரத்தின் ஊனம். விகிதம் ஓரங்களை நெருங்கும்போது இரு பக்கமும் சமமாக விரியும் வரம்பு பொருந்தாது. 100-க்கு மேலே போக இடமில்லையே. விடுபட்டவர் ஒருவர்கூடக் கிடைக்காதபோது, விடுபட்டோர் விகிதத்தின் மேல்வரம்பு 3/n என்று கொள்வது நல்ல கைக்கணக்கு. n = 210-க்கு 1.4 சதவீதம்; வடிவமைப்பு விளைவு 2 என்று கொண்டு 105 பேராகக் குறைத்தால் 2.9 சதவீதம். இடைப்பட்ட நிலைகளுக்கு எட்வின் வில்சன் 1927-இல் தந்த இடைவெளி இருக்கிறது. எல்லா மென்பொருளிலும் கிடைக்கும்.

6. சூத்திரத்துக்கு வெளியே நிற்கும் பிழை

இதுவரை பார்த்த பிழையெல்லாம் குலுக்கலின் தற்செயலால் வருவது. குலுக்கலே சரியாக நடக்காவிட்டால்?

ஊரைத் தேர்ந்தெடுத்த பிறகு அங்கே ஏழு குழந்தைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய கையேட்டு முறைப்படி ஊரின் நடுவில் நின்று ஒரு புட்டியைச் சுழற்றுவார்கள். அது காட்டும் திசையில் ஊர் எல்லை வரை வீடுகளை எண்ணி, அவற்றில் ஒன்றைச் சமவாய்ப்பாக எடுத்து, அங்கிருந்து அடுத்தடுத்த வாசல்களாகப் போய் ஏழு குழந்தைகளைத் தேடுவார்கள். நடுவில் இருக்கும் வீடுகளுக்கு இதில் வாய்ப்பு அதிகம் என்பது உலகெங்கும் பேசப்பட்ட குறை.

நம் கிராமங்களில் அந்தக் குறை இன்னும் கூர்மையாகும். ஊர் ஓரிடம், காலனி இன்னோரிடம். நடுவே வயலோ ஓடையோ. செங்கல் சூளைக்கு வந்து தங்கியிருப்பவர்கள் அதற்கும் அப்பால். ‘ஊரின் நடு’ என்றால் ஜீப் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே சுழலும் புட்டி எந்தத் திசையைக் காட்டினாலும், எண்ணிக்கொண்டு போகிறவர் தெருமுனையில் வீடுகள் தீர்ந்ததும் ஊர் முடிந்தது என்று நின்றுவிடுவார்.

இதையும் எண்ணால் பார்க்கலாம். மாவட்டக் குழந்தைகளில் 15 சதவீதம் பேர் இப்படி ஆய்வுக்குள் வரவே முடியாத குடியிருப்புகளில் இருக்கிறார்கள் என்று கொள்வோம். அங்கே தடுப்பூசி விகிதம் 50, மற்ற இடங்களில் 85. உண்மை விகிதம்:

0.85 × 85 + 0.15 × 50 = 79.75

ஆய்வு காட்டப் போவது 85. ஐந்து புள்ளிச் சாய்வு. பிழை ±10 என்றால் ஆய்வின் இடைவெளி 75 முதல் 95 வரை; உண்மை உள்ளே இருக்கிறது. இப்போது அரசு தாராளமாக நிதி ஒதுக்கிப் பத்து மடங்கு கொத்துகளை அதே முறையில் பார்க்கச் சொல்கிறது. பிழை ±3.2 ஆகச் சுருங்கும். இடைவெளி 82 முதல் 88 வரை. உண்மை வெளியே போய்விட்டது! மாதிரி பெருகப் பெருகத் தவறான விடையின் மீது நம் உறுதிதான் கூடுகிறது.

இது என் கற்பனை மாவட்டத்தோடு நிற்பதன்று. அமெரிக்காவில் 2021-இல் ஃபேஸ்புக் வழியாக நடந்த ஓர் ஆய்வில் வாரத்துக்கு ஏறக்குறைய 2,50,000 பேர் பதில் தந்தார்கள். சூத்திரப்படி பிழை 0.2 புள்ளி. கொரோனா தடுப்பூசியின் முதல் தவணை போட்டுக்கொண்ட பெரியவர்களின் விகிதத்தை, அந்த ஆண்டு மே மாதத்தில், அது 17 புள்ளி கூடுதலாகக் காட்டியது. பிராட்லியும் உடன் ஆய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில் இதை அலசி, இத்தனை பெரிய ஆய்வு பத்துப் பேர் கொண்ட எளிய சமவாய்ப்பு மாதிரியைவிட மேலானதாக இல்லாமல் போக முடியும் என்று காட்டினார்கள். பதில் சொல்ல முன்வருவதும் தடுப்பூசி போட்டுக்கொள்வதும் சிறிதளவு தொடர்புபட்டிருந்தால்கூடப் போதும்.

இத்தகைய சாய்வைக் கண்டுபிடிக்கும் வழிகள் சூத்திரத்தில் இல்லை, வடிவமைப்பில்தான் இருக்கின்றன. மகலனோபிஸ் வங்காளத்தில் மாதிரி ஆய்வுகளை நடத்தியபோது, ஒரே பகுதியிலிருந்து தனித்தனியான இரண்டு துணை மாதிரிகளை எடுத்து வெவ்வேறு களக்குழுக்களிடம் கொடுத்தார். இரண்டு விடைகளும் குலுக்கல் பிழைக்கு மேல் விலகினால் ஏதோ ஒரு குழு எண்ணிய விதத்தில் கோளாறு இருக்கிறது. இரண்டு குழுவும் காலனிக்குப் போகாவிட்டால் இந்தச் சோதனையும் ஏமாறும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு வேறு உரைகல் வேண்டும்: மாதிரியில் வந்த வீடுகளில் பட்டியலினக் குடும்பங்களின் பங்கு எவ்வளவு, அந்த மாவட்டத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எவ்வளவு என்று ஒப்பிட்டாலே சாய்வு பெரும்பாலும் தெரிந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனமும் 2018-ஆம் ஆண்டுக் கையேட்டில் புட்டி முறையைக் கைவிட்டு, கொத்தின் வரைபடம் வரைந்து, எல்லா வீடுகளையும் பட்டியலிட்டு, பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்கிறது. செலவு கூடும். ஒரே நிதிக்குள் இதைச் செய்தால் கொத்துகளின் எண்ணிக்கை குறையக்கூடும். பிழை வரம்பு சற்று அகலமாகும். அகலமான, ஆனால் உண்மையை உள்ளடக்கிய வரம்பையே நான் எடுத்துக்கொள்வேன்.

இனி அந்தப் பூஜ்ய ஊர்கள் இரண்டையும் பற்றி ஒரு கணக்கு பாக்கி. ஆட்சியர் கேட்கக்கூடிய அடுத்த கேள்வி, ‘இப்படிப்பட்ட ஊர்கள் மாவட்டத்தில் இன்னும் எத்தனை?’ என்பதாகத்தான் இருக்கும். முப்பதில் இரண்டு என்பது 6.7 சதவீதம். ஆனால் இந்தக் கேள்விக்கு மாதிரி அளவு 210 அல்ல, 30. அதற்கான துல்லிய ஈருறுப்பு இடைவெளி 0.8 முதல் 22 சதவீதம் வரை. பெரிய ஊருக்கு அதிக வாய்ப்பு கொடுத்துக் கொத்துகளை எடுத்ததால் இது ஊர்களின் பங்கன்று, அப்படிப்பட்ட ஊர்களில் வாழும் குழந்தைகளின் பங்கு. 25,000 குழந்தைகள் என்றால் 200 பேரிலிருந்து 5,500 பேர் வரை எதுவாகவும் இருக்கலாம். அவர்கள் எந்தெந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்று எந்த மாதிரி ஆய்வாலும் சொல்ல முடியாது. அதற்குக் கிராமச் சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டையும் அங்கன்வாடிக் கணக்கையும் ஊர் ஊராக ஒத்துப் பார்க்க வேண்டும்.